நால்ட்ரெக்சோனா, அகாம்ப்ரோசேட்டா? வடசென்னைக் குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு செயல்வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் சிறிய கிளினிக் நடத்துகிற எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. பெரிய மருத்துவமனையில் சேர்ந்து, கை நடுக்கம் அடங்கி, வைட்டமின் மாத்திரையோடு ஒருவர் வீடு திரும்புகிறார். பத்து நாளில் மறுபடியும் பகல் பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் வாசலில் நிற்கிறார். நடுக்கத்தைத் தீர்த்த சிகிச்சை முடிந்துவிட்டது. திரும்பக் குடிக்காமல் காக்கும் சிகிச்சையை யாரும் தொடங்கவே இல்லை. அதை நாமே தொடங்கலாம். அதற்கு மனநல நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதைப் பிரித்துப் பார்க்க, நான் பாடப்புத்தகத்துக்கும் மருந்துக் கடைக்கும் இடையே நிறைய அல்லாட வேண்டியிருந்தது. அந்த அல்லாட்டம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நால்ட்ரெக்சோன் ஓபியாய்டு ஏற்பிகளை அடைக்கிறது. அதனால் குடியில் கிடைக்கும் கிளர்ச்சி மங்குகிறது, ஒரு குவாட்டரோடு எழுந்துவர முடிகிறது. அகாம்ப்ரோசேட், குடியை விட்ட மூளையில் நீடிக்கும் படபடப்பையும் தூக்கமின்மையையும் தணித்து, குடிக்காமல் இருப்பவரை அப்படியே இருக்கத் துணை செய்கிறது. இங்கே தேவைப்படும் அளவு மருந்தியல் இவ்வளவுதான்.

1. முதலில், இவர் உங்கள் கிளினிக்கில் பார்க்கக் கூடியவரா?

இரண்டு மருந்துகளுமே குடியை நிறுத்தியதும் வரும் நடுக்கத்தையோ வலிப்பையோ தடுக்காது. கடைசியாகக் குடித்தது எப்போது என்று மணிக்கணக்காகக் கேளுங்கள். முதல் மூன்று முதல் ஐந்து நாட்கள்தான் மிக ஆபத்தானவை. முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால், குழப்பமாகப் பேசினால், இல்லாத பூச்சியும் ஆளும் தெரிவதாகச் சொன்னால், காய்ச்சல், மஞ்சள் காமாலை, கறுப்பு மலம், ரத்த வாந்தி எது இருந்தாலும் உடனே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். தற்கொலை எண்ணம் இருப்பவரையும் தனியாக வீட்டுக்கு விடக் கூடாது.

"ஒரு குளுக்கோஸ் ஏற்றுங்கள் டாக்டர்" என்று வீட்டார் வற்புறுத்துவார்கள். தையமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றாதீர்கள். தையமின் பற்றாக்குறை உள்ளவருக்கு அது மூளைப் பாதிப்பைக் கிளப்பிவிடும்.

2. மாத்திரைகளையெல்லாம் மேசை மேல் கொட்டச் சொல்லுங்கள்

என் அனுபவத்தில் இதுதான் மிக முக்கியமான படி. நால்ட்ரெக்சோன் கொடுக்கும் முன் நோயாளி ஏழு முதல் பத்து நாட்கள் எந்த ஓபியாய்டும் எடுக்காமல் இருக்க வேண்டும். "அபின், ஹெராயின் ஏதாவது பழக்கம் உண்டா?" என்று கேட்டால் "சத்தியமாக இல்லை" என்று சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் மூட்டை தூக்குபவர், ஐஸ் பெட்டி தள்ளுபவர், வலை இழுப்பவர் இவர்களெல்லாம் இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் நேராக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரையில் டிராமடால் இருக்கலாம். இருமல் மருந்தில் கோடீன் இருக்கலாம். இளைஞர்கள் சிலர் டப்பென்டடாலைப் போதைக்காகவே எடுக்கிறார்கள்.

ஆகவே பெயர் கேட்காதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், காலி அட்டைகளையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். மஞ்சள் பையைக் கவிழ்த்தால் ரத்த அழுத்த மாத்திரை, வாயு மாத்திரை இவற்றுக்கு நடுவே பாதி கிழிந்த ஒரு அட்டை விழும். பின்பக்க எழுத்து தேய்ந்திருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் படியுங்கள். பாராசிட்டமால் என்று பெரிதாகவும் டிராமடால் என்று சிறிதாகவும் அச்சிட்டிருப்பார்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையை நம்பி இந்தப் படியைத் தாண்டாதீர்கள். சாதாரண ஓபியேட் பரிசோதனைப் பட்டையில் டிராமடாலும் டப்பென்டடாலும் பெரும்பாலும் தெரியாது. பட்டை சுத்தம் என்று காட்டும், நோயாளியின் ரத்தத்தில் மருந்து இருக்கும்.

தவறிக் கொடுத்துவிட்டால் எப்படித் தெரியும்? ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே வியர்வை, கொட்டாவி, மயிர்க்கூச்சு, வாந்தி, வயிற்றுப்போக்கு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு. இது ஒவ்வாமை அல்ல, ஓபியாய்டு விலகல். ஒன்றிரண்டு நாட்கள் நீடிக்கலாம் என்பதால் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இதை முறியடிக்க ஓபியாய்டு ஊசி போட முயல்வது உயிருக்கே ஆபத்து.

3. இரண்டு ரத்தப் பரிசோதனைகள், ஒரு சிறு கணக்கு

கல்லீரல் பரிசோதனையும் கிரியாட்டினினும் இல்லாமல் மருந்துச்சீட்டு எழுதாதீர்கள். நால்ட்ரெக்சோனைக் கல்லீரல் கையாள்கிறது. அகாம்ப்ரோசேட்டோ கல்லீரலைத் தொடாமல் நேரே சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. தேர்வின் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலேயே முடிந்துவிடுகிறது.

குடிப்பவருக்கு ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. கொஞ்சம் கூடித்தான் இருக்கும். அதைக் கண்டு பயந்து நால்ட்ரெக்சோனை மறுப்பது நாம் அடிக்கடி செய்யும் தவறு. இயல்பின் மேல் வரம்பைப் போல மூன்று மடங்குக்குள் இருந்து, பிலிருபின் இயல்பாக இருந்தால் தொடங்கலாம். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே என்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்து முடிவு செய்யுங்கள். ஐந்து மடங்குக்கு மேல் போனாலோ, மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர்க்கோவை, கடும் ஹெபடைட்டிஸ் இருந்தாலோ நால்ட்ரெக்சோன் வேண்டாம். கல்லீரல் முற்றிலும் கெட்டவர்களுக்கு எதைக் கொடுப்பது என்பதை நிபுணரிடம் விடுங்கள்.

கிரியாட்டினினில் வேறொரு பொறி இருக்கிறது. ஆய்வகத் தாளில் 1.4 என்று வந்தால் "சற்றே அதிகம்" என்று கடந்துவிடுவோம். மெலிந்த உடம்புக்கு அது சற்றே அல்ல. 140-இலிருந்து வயதைக் கழியுங்கள், எடையால் பெருக்குங்கள். வந்த தொகையை, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வந்த தொகையால் வகுங்கள். பெண்ணானால் விடையை 0.85-ஆல் பெருக்குங்கள். 50-க்கு மேல் இருந்தால் அகாம்ப்ரோசேட் முழு அளவு, 30 முதல் 50 வரை பாதி அளவு, 30-க்குக் கீழே கொடுக்கவே கூடாது.

கருவுறும் வயதுப் பெண்களுக்கு முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்ப காலத்தில் இவ்விரண்டும் பாதுகாப்பானவை என்று சொல்லப் போதிய தரவு இல்லை.

4. வீட்டாரோடு ஒரு பேச்சு

"குடியை நிறுத்தும் மாத்திரை" என்றதும் மனைவிமார் மனதில் வருவது டைசல்பிரம். "அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கலாமா டாக்டர்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். டைசல்பிரம் எடுத்தவர் தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம், ஆகவே அதைக் கலந்து கொடுக்கவே கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். இவ்விரண்டு மருந்துகளும் மதுவோடு அப்படிப் பகை கொள்வதில்லை. ஆனாலும் இவற்றையும் ஒளித்துக் கொடுக்கக் கூடாது. நால்ட்ரெக்சோன் எடுப்பது தெரியாமல் ஒருவர் விபத்தில் அடிபட்டுப் போனால், அவசரப் பிரிவில் போடும் மார்ஃபின் வேலை செய்யாது, ஏன் என்று யாருக்கும் புரியாது.

பலனை மிகைப்படுத்தாதீர்கள். 2014-இல் ஜாமா இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, சுமார் 12 பேருக்கு அகாம்ப்ரோசேட் கொடுத்தால் கூடுதலாக ஒருவர் குடிக்குத் திரும்பாமல் இருக்கிறார். அதேபோல் சுமார் 12 பேருக்கு நால்ட்ரெக்சோன் கொடுத்தால் கூடுதலாக ஒருவர் அளவுமீறிய குடிக்குத் திரும்பாமல் இருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் நாம் தினமும் எழுதும் மருந்துகளோடு ஒப்பிட்டால் இது நல்ல பலன். மாயமருந்து என்று நம்பி வாங்கிய வீட்டாரோ, முதல் சறுக்கலிலேயே அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

5. தேர்வு: ஒருவரை வைத்துப் பார்ப்போம்

காசிமேட்டில் ஐஸ் ஏற்றி இறக்கும் தொழிலாளி ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 52, எடை 54 கிலோ. அதிகாலை இரண்டு மணிக்கு வேலைக்குப் போய், பத்து மணிக்கு வீடு திரும்புகிறார், கடை திறந்ததும் குடிக்கிறார். அரசு மருத்துவமனையில் இருந்து வந்திருக்கிறார், கடைசியாகக் குடித்து ஆறு நாள் ஆகிறது. ஏ.எஸ்.டி. 112, ஏ.எல்.டி. 64, பிலிருபின் இயல்பு, கிரியாட்டினின் 1.4. பையைக் கவிழ்த்ததில் டிக்ளோஃபெனாக் அட்டை ஒன்று, டிராமடால் கலந்த அட்டை ஒன்று. நேற்று இரவும் ஒன்று போட்டிருக்கிறார்.

கல்லீரல்: மேல் வரம்பு 40 என்றால் 112 என்பது மூன்று மடங்குக்குச் சற்றுக் கீழே. நால்ட்ரெக்சோனுக்குத் தடையில்லை.

சிறுநீரகம்: 140-இலிருந்து 52 போக 88. 54-ஆல் பெருக்கினால் 4752. கீழே 1.4-ஐ 72-ஆல் பெருக்கினால் 100.8. வகுத்தால் 47. ஆக, அகாம்ப்ரோசேட் கொடுத்தால் பாதி அளவுதான்.

ஓபியாய்டு: நேற்று இரவு எடுத்திருப்பதால் இன்று நால்ட்ரெக்சோன் கூடாது. பத்து நாள் பொறுக்க வேண்டும். குடியை விட்டு ஆறு நாள் ஆனது இந்தக் கணக்கில் சேராது, டிராமடாலை விட்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

வாழ்க்கை: இரவுபகல் மாறிய வேலை. அகாம்ப்ரோசேட்டை மூன்று வேளை எடுக்க வேண்டும், அதில் ஒரு வேளையாவது தப்பும். "முழுவதும் விட்டுவிடுவேன் என்று சொல்ல மாட்டேன் டாக்டர், குறைத்துக்கொள்கிறேன்" என்கிறார். இப்படிச் சொல்பவருக்கு நால்ட்ரெக்சோனே பொருத்தம். அது அளவுமீறிய குடியைக் குறைப்பதில் தேர்ந்தது, ஒரு வேளை போதும். இன்னும் குடித்துக்கொண்டிருப்பவருக்கும் தொடங்கலாம்.

ஆனால் அந்தப் பத்து நாட்களை என்ன செய்வது? வெறுமனே விட்டால் அதற்குள்ளேயே குடித்துவிடுவார். இங்கேதான் அகாம்ப்ரோசேட் கைகொடுக்கிறது. ஓபியாய்டோடு அதற்கு எந்த மோதலும் இல்லை. 333 மி.கி. மாத்திரை ஒன்று வீதம் மூன்று வேளை, அன்றே தொடங்கலாம். முழு வேலை செய்யச் சுமார் ஐந்து நாட்கள் ஆகும். டிராமடாலையும் டிக்ளோஃபெனாக்கையும் நிறுத்திவிட்டு, வலிக்குப் பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மிகாமல். டிராமடால் தினமும் பல மாத்திரை எடுத்திருந்தால் இப்படித் திடீரென நிறுத்தக் கூடாது, போதை மீட்புப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பத்து நாள் கழித்து, பையை மறுபடி கவிழ்த்துப் பார்த்து, நால்ட்ரெக்சோன். அது நிலைபெற்றதும் அகாம்ப்ரோசேட்டை நிறுத்திவிடலாம்.

இதே மனிதர் டிராமடாலை விட முடியாதவராக இருந்தால், அல்லது கல்லீரல் ஐந்து மடங்கைத் தாண்டியிருந்தால், அகாம்ப்ரோசேட்தான் முதல் மருந்து. கிரியாட்டினின் 2.4 என்றிருந்தால் கணக்கு 30-க்குக் கீழே இறங்கிவிடும், அப்போது அகாம்ப்ரோசேட் இல்லை. இரண்டு கதவும் மூடியிருந்தால் அது குடும்ப மருத்துவர் தனியாகத் தீர்க்க வேண்டிய விஷயமல்ல. ஸ்டான்லியின் மனநலப் பிரிவுக்கோ கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கோ கடிதம் எழுதுங்கள்.

6. மருந்துச்சீட்டு எழுதும் விதம்

நால்ட்ரெக்சோன் 50 மி.கி. மாத்திரையில் பாதி, முதல் மூன்று நான்கு நாட்களுக்கு. பிறகு முழு மாத்திரை, தினம் ஒரு முறை, வயிறு நிறைந்த பின். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டல் வந்து, "இது ஒத்துக்கொள்ளவில்லை" என்று முதல் வாரத்திலேயே விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். நம் ஐஸ் தொழிலாளிக்குச் சரியான நேரம் காலை பத்தரை, வேலை முடிந்து சாப்பிட்டதும். கடை திறக்கும் முன்னரே மருந்து உள்ளே போய்விடும், மனைவியும் அப்போது வீட்டில் இருப்பார்.

அகாம்ப்ரோசேட் முழு அளவு என்றால் 333 மி.கி. மாத்திரை இரண்டு வீதம் மூன்று வேளை. சிறுநீரகம் நன்றாக இருந்தும் எடை 60 கிலோவுக்குக் கீழே இருந்தால், பிரிட்டிஷ் முறையில் நாளுக்கு நான்கு மாத்திரைகளே. காலை இரண்டு, மதியம் ஒன்று, இரவு ஒன்று. மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. இதைச் சீட்டிலேயே தமிழில் எழுதுங்கள்.

செலவைப் பேசும்போது ஒரு மாத்திரையின் விலையை வைத்து ஒப்பிடாதீர்கள், மாதக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். நால்ட்ரெக்சோன் மாதம் 30 மாத்திரை, அகாம்ப்ரோசேட் முழு அளவில் 180, பாதி அளவில் 90. தெருமுனைக் கடைகளில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. ஆகவே நோயாளியை அனுப்பும் முன், நீங்களே ஒரு கடைக்குப் பேசி வரவழைத்துவிடுங்கள். மருந்து கிடைக்காமல் மூன்று கடை ஏறி இறங்கியவர் நான்காவதாக எங்கே போவார் என்று நமக்குத் தெரியும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருப்பு உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். வாங்க முடியாதவருக்கு அதுவே வழி.

7. சட்டைப்பையில் ஒரு அட்டை

நால்ட்ரெக்சோன் தொடங்கும் அன்றே ஒரு சிறு அட்டையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள்: மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, உங்கள் தொலைபேசி எண், "ஓபியாய்டு வலி மருந்து வேலை செய்யாது" என்ற ஒரு வரி. அறுவை சிகிச்சை முன்கூட்டியே முடிவானால் 72 மணி நேரத்துக்கு முன் மருந்தை நிறுத்த வேண்டும். இருமல் மருந்தில் உள்ள கோடீனும், வயிற்றுப்போக்குக்கான லோபெரமைடும் இவருக்குச் சரியாக வேலை செய்யாமல் போகலாம். இரண்டு மருந்தையும் சேர்த்து எடுக்கும் நாட்களில் இது முக்கியம், ஏனென்றால் அகாம்ப்ரோசேட்டின் முதன்மையான பக்கவிளைவே வயிற்றுப்போக்குதான். உப்புசர்க்கரைக் கரைசல் கொடுத்துப் பொறுத்திருந்தால் பெரும்பாலும் தானாக அடங்கும்.

8. எப்போது அழைப்பது, எதைப் பார்ப்பது

ஒரு வாரத்தில் ஒரு முறை, இரண்டாம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை என்று ஆறு மாதம். ஒவ்வொரு முறையும் அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணுங்கள். "எடுத்தீர்களா?" என்ற கேள்விக்கு எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். குடித்த நாட்களைக் கேட்கும்போது "குடித்தீர்களா?" என்று விசாரிக்காமல், "இந்த மாதம் எத்தனை நாள், ஒரு நாளில் எவ்வளவு?" என்று கேளுங்கள். மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் ஒவ்வொரு முறையும் நேரடியாகக் கேளுங்கள்.

நால்ட்ரெக்சோனுக்குக் கல்லீரல் பரிசோதனை முதல் மாத முடிவில், பிறகு மூன்றாம், ஆறாம் மாதங்களில். கண் மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்தால், வலது விலாவுக்குக் கீழே வலித்தால், நொதிகள் ஐந்து மடங்கைத் தாண்டினால் நிறுத்துங்கள். அகாம்ப்ரோசேட்டுக்குக் கிரியாட்டினினை மறுபடி பார்க்க வேண்டியது முதியவர்களுக்கும், நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கும், வயிற்றுப்போக்கு நீடிப்பவர்களுக்கும். வெயில் காலத்தில் துறைமுகத்தில் வேலை செய்பவரை இந்தப் பட்டியலில் நான் எப்போதும் சேர்த்துக்கொள்வேன்.

நம் தொழிலாளி நால்ட்ரெக்சோன் தொடங்கி நான்கு வாரம் முடிந்ததும் வருகிறார். ஏ.எஸ்.டி. 58, கிரியாட்டினின் 1.3. முப்பதில் நான்கு மாத்திரை மிச்சம். சம்பள நாளில் ஒரு முறை குடித்திருக்கிறார், வழக்கமான அளவில் பாதிதான். மனைவி கோபமாக இருக்கிறார்: "இவ்வளவு செலவு செய்தும் குடித்துவிட்டாரே டாக்டர்." இது மருந்து தோற்றதற்கு அடையாளம் அல்ல, பாதியோடு எழுந்து வந்ததுதான் அது செய்யும் வேலை. தொடரச் சொல்லுங்கள், அடுத்த சம்பள நாளில் மாத்திரையை வீட்டார் கண்முன் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மாறாக, மாத்திரையை ஒழுங்காக எடுத்தும் நான்கு முதல் ஆறு வாரங்களாகப் பழைய அளவிலேயே குடித்தால் அந்த மருந்து அவருக்கு உதவவில்லை என்று கொள்ளுங்கள். மற்றதற்கு மாற்றுங்கள் அல்லது அனுப்புங்கள்.

மருந்து மட்டும் போதாது. பேசுவதற்கு ஆள் வேண்டும். போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416. இரண்டையும் சீட்டின் கீழே எழுதிக் கொடுங்கள்.

9. நிறுத்தும்போது

ஆறு மாதம் ஆன பின், பலன் தெரிந்து நோயாளி விரும்பினால் தொடரலாம். நிறுத்துவதானால் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, இரண்டு மருந்துமே விலகல் உபாதை தராது. ஆனால் முன்பு டிராமடாலோ டப்பென்டடாலோ அதிகமாக எடுத்தவருக்கு ஒரு எச்சரிக்கை கட்டாயம் சொல்ல வேண்டும். நால்ட்ரெக்சோனில் இருந்த மாதங்களில் உடம்பின் தாங்குதிறன் குறைந்துவிட்டது. பழைய அளவை மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். இதை நோயாளியிடம் மட்டுமல்ல, உடன் வந்தவரிடமும் சொல்லுங்கள். சொன்னதைத் தேதியோடு நோயாளிப் பதிவேட்டில் எழுதுங்கள். சட்டைப்பை அட்டையைக் கடைசி மாத்திரைக்குப் பிறகு மூன்று நாட்கள் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் ஒரு முறை வரச் சொல்லித் தேதி கொடுங்கள்.